இருபத்திரண்டு எம்பி பொங்கல்

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் பொங்கல் குழுவில் ஒரு சட்டம் உண்டு. மின்னஞ்சலுக்கு யாரும் ரிப்ளை போடக் கூடாது. ஃபார்வர்டுதான் செய்ய வேண்டும். சட்டம் போட்டவர் தலைவர் சுப்பிரமணியம். ரிப்ளை அடித்தால் அனுப்பியவருடைய இணைப்புகள் கழன்றுபோய்விடும், ஃபார்வர்டு செய்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு கூடவே வரும் என்பதை அவர் ஒருநாள் தாமாகவே கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பின் பெருமிதம் இன்னும் அவருக்கு அடங்கவில்லை.

"ஆதாரம் முக்கியம்மா, ஆதாரம்! நாளைக்கு ஒருத்தன் நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு கையை விரிச்சா, கீழே உருட்டிக் காட்டணுமில்ல?"

அதைக் கேட்டுத் தலையாட்டிய செயலாளர் மோகனப்பிரியா, அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. ஜூரோங்கில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் நாள் முழுக்க மின்னஞ்சலோடு மாரடிப்பவள் அவள். எது கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சென்ற ஆண்டு விண்ணப்பம் போடத் தவறி, பொங்கலே நடக்காமல் போனதற்குக் காரணமானவள் என்ற பெயர் அவள் தலையில் இருந்தது. புதுச் செயலாளர், தேதியை மறந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவள் குடியிருக்கும் பிளாக்கில் லிஃப்ட் ஏறினால் போதும், யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே "இந்த வருஷமாச்சும் பொங்கல் உண்டா?" என்று கேட்பார்கள். எட்டாவது மாடிவரை அந்தச் சிரிப்போடு நிற்க முடியாமல் சில நாள் அவள் படியேறிப் போயிருக்கிறாள்.

ஆகவே தலைவர் என்ன சொன்னாலும் சரி என்றாள். மார்ச் மாதம் 'பொங்கல் தொடர்பாக' என்று ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்பார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதையானது. ஒருவர் 'நன்று' என்று எழுதி, அதன் கீழே பழையது அத்தனையையும் சுமந்து ஃபார்வர்டு செய்வார். அடுத்தவர் 'மிக நன்று' என்பார். துணைத்தலைவர் ரமணன் எப்போதும் 'நோட்டட்' என்ற ஒரே சொல்தான் எழுதுவார். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே அவருடைய பெயர், பட்டம், மூன்று தொலைபேசி எண், சால்வை போர்த்திய புகைப்படம், இந்தக் கடிதம் தவறாக வந்து சேர்ந்திருந்தால் உடனே அழித்துவிடவும் என்று ஆங்கிலத்தில் ஒரு நீண்ட எச்சரிக்கை எல்லாம் வரும். தலைவர் கையொப்பத்தில் இரண்டு சால்வை.

பொருளாளர் சிவகாமசுந்தரி அம்மாள் ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லுமுன் ஒரு தாமரைப் படம் வைப்பார். தாமரைமேல் 'இனிய காலை வணக்கம்'. மாலையில் அனுப்பினாலும் காலை வணக்கம்தான். ஒவ்வொரு தாமரையும் நல்ல கனம். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. பிளாக்குக்கு எதிரே இருக்கும் திடலைப் பொங்கல் நாளுக்குக் கேட்டு இன்னொரு கூட்டமும் வரிசையில் நின்றது. பிக்கல்பால் என்ற மட்டைப் பந்து ஆடுகிறவர்கள். பெயரைக் கேட்டாலே தலைவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊறுகாய்ப் பந்து ஆடுறவனுக்குத் திடலைக் குடுத்துட்டு நாம எங்கே பானை வைக்கிறது, லிஃப்டுக்குள்ளயா?"

புதன்கிழமையே மோகனப்பிரியா அந்த மின்னஞ்சல் இழை முழுவதையும் வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினாள். தலைவரின் ஆணை, முழுசாக, ஒரு வரி குறையாமல். வியாழன் காலையில் அது திரும்பி வந்தது. தானியங்கிப் பதில்: உங்கள் கடிதம் பத்து மெகாபைட், அதாவது பத்து எம்பி என்ற எங்கள் வரம்பைத் தாண்டுகிறது, ஏற்க இயலாது. அவளுடையது இருபத்திரண்டு.

இந்த வருடமும் போச்சா என்று நினைத்தவள், உடனே குழுவைக் கூப்பிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. தானே உட்கார்ந்து வெட்டி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வியாழன் மாலை தேக்கா சந்தைக் கடையில் கூடினார்கள். தலைவர், ரமணன், சிவகாமசுந்தரி அம்மாள், கணினி வேலை பார்க்கும் திலீப், மோகனப்பிரியா. மேசை நிறையத் தேத்தண்ணீர், நடுவில் மடிக்கணினி. பக்கத்து மேசையில் ரோஜாக் தின்றுகொண்டிருந்தவர்கள், என்னவோ சொத்துத் தகராறு என்று நினைத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"எவ்வளவு கனம்னு பார்த்தேன்," என்றான் திலீப். "இணைப்பும் படமும் சேர்ந்து பதினாறு எம்பிதான். ஆனா மெயில்ல போகும்போது அதை எழுத்தா மாத்தித்தான் அனுப்பும். அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல கூடிடும். அதான் இருபத்திரண்டு."

"அப்ப எழுத்துதான் கனமா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்ல அங்கிள். நாம எழுதினதெல்லாம் சேர்த்தாலும் ஒரு எம்பி தேறாது. படம்தான் கனம். ஆனா படமெல்லாம் பழைய மெயிலுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு. பழசை வெட்டினா அதுவும் போயிடும்."

'வெட்டினா' என்ற சொல் மேசைமேல் விழுந்ததும் எல்லார் முகமும் மாறியது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதேதான் இங்கேயும். எவருடைய வரியை எடுக்கிறோமோ அவருடைய மரியாதையை எடுத்த மாதிரி.

"கீழே இருந்து வெட்டுவோம்," என்றார் ரமணன் தாராளமாக. "ரொம்பப் பழசு, யாருக்கும் வேணாம்."

அடியில் இருந்தது தலைவரின் முதல் மின்னஞ்சல். தலைவர் தேத்தண்ணீரை வைத்தார். "அடியில இருக்குறது அஸ்திவாரம்யா! அஸ்திவாரத்தை உருவிட்டு மாடி கட்டுவியா? மேலே இருந்து வெட்டு. மேலே பூராவும் 'நோட்டட்' தானே?"

"என் 'நோட்டட்' இல்லாம எந்தத் தீர்மானமும் செல்லாது!"

"சரி, அப்ப தாமரையை எடுத்துடலாமா?" என்றாள் மோகனப்பிரியா மெதுவாக.

சிவகாமசுந்தரி அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூவை வெட்டச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?"

திலீப் சமாதானமாக, யாரையும் வெட்டாமல் படங்களை மட்டும் சுருக்கிக் காட்டினான். கனம் மளமளவென்று இறங்கியது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது யாரு?" "நீங்கதான் அங்கிள்." "எனக்கு மூக்கு எங்கே?" மூக்கு இல்லாமல் அரசாங்கத்துக்குப் போக அவர் மறுத்துவிட்டார். ரமணனுக்கு மூக்கு இருந்தது. அது போதாதா சண்டைக்கு?

"எல்லாத்தையும் ஜிப் பண்ணி அனுப்பு லா!" என்றார் ரமணன்.

"போட்டோவை ஜிப் போட்டா குறையாது அங்கிள். அது ஏற்கெனவே சுருக்கினதுதான். அதோட அந்த ஆபீஸ்ல ஜிப் வந்தா உள்ளயே விடமாட்டாங்க. லிங்க் அனுப்பினாலும் திறக்கமாட்டாங்க, வெளி லிங்க் தொடக்கூடாதுன்னு ரூல்."

கடைசியில் ஒரு தீர்மானம் பிறந்தது. எந்த வரியை வெட்டலாம் என்று ஆராய மூவர் கொண்ட வெட்டுக் குழு அமைப்பது. அதன் அறிக்கை வரும்வரை எதையும் வெட்டக் கூடாது. தீர்மானத்தைக் கையால் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, தலைவர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து, அங்கேயே, அந்தக் கணமே, இழையில் இணைத்து ஃபார்வர்டு செய்தார். இழை இருபத்துநான்கு எம்பி ஆனது.

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வீடு திரும்பும்போது லிஃப்டில் மூன்றாம் மாடி மாமி கேட்டார்: "திடல் கிடைச்சிருச்சா?" மோகனப்பிரியா இரண்டாம் மாடியிலேயே இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தாள். ஆனால் வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்தில் தன் மேசையிலேயே உட்கார்ந்தாள். வெட்டுக் குழுவாவது, மண்ணாங்கட்டியாவது! அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கப்பல் கேப்டனுக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போனால் அவர் கடலில் குதித்துவிடுவார். புதுக் கடிதம் ஒன்று திறந்தாள். இழையை அடியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வந்து, தேவையானதை மட்டும் எடுத்து எழுதுவது, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவது என்று திட்டம்.

அடியில் தலைவரின் வணக்கவுரை. தள்ளு. அதன்மேல் 'நன்று'. தள்ளு. 'மிக நன்று', தாமரை, 'நோட்டட்', சால்வை, எச்சரிக்கை. ஒவ்வொரு மின்னஞ்சலுக்குள்ளும் முந்தையது முழுசாக, அதற்குள் அதற்கு முந்தையது. ஒரே வரியை எத்தனை முறை தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. இழையின் நடு வயிற்றில் எங்கோ வட்டார அலுவலகத்தின் பழைய கடிதம் ஒன்று கிடந்தது. அனுமதிக்கு என்னென்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தது. அதன்மேல் மூன்று தாமரை உட்கார்ந்திருந்ததால் யாருமே அதைக் கடைசிவரை படித்ததில்லை. நாள், நேரம், திடலின் வரைபடம், எத்தனை பேர். நான்கும் அவளிடம் இருந்தன. ஐந்தாவது: உணவு சமைத்துத் தருபவரின் பெயர், உரிம எண், அவரே தம் முகவரியிலிருந்து அனுப்பும் ஒப்புதல்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. சமையல் யார்?

அவள் மறுபடி தேடினாள். எட்டு மாதத்தில் கோலத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள், ஒலிபெருக்கியைப் பற்றி எழுதியிருந்தார்கள், தலைவரின் நாற்காலிக்கும் துணைத்தலைவரின் நாற்காலிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றுகூட எழுதியிருந்தார்கள். சமையலைப் பற்றி ஒருவர்தான் எழுதியிருந்தார். அப்துல் கஃபார். நான்காவது பிளாக்காரர், டன்லப் ஸ்திரீட்டில் சமையல் கடை வைத்திருப்பவர், குழுவில் மார்ச்சில் சேர்ந்தவர்.

'சமையல் யாரு? நான் செய்யட்டுமா? சைவம்தான், சுத்தமா செஞ்சு தர்றேன். காசு வேணாம்.'

மார்ச்சில் ஒருமுறை. மேயில் ஒருமுறை. ஆகஸ்டில் ஒருமுறை, இம்முறை 'சமையல் யாரு?' மட்டும். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. மூன்றுக்கும் மேலே வந்தவற்றை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'நோட்டட்', 'காலை வணக்கம்', 'நன்று'. பதில் என்று ஒன்றில்லை. அவளுடைய பதிலும் இல்லை. மேயில் அவள் அதே நாளில் 'ஒலிபெருக்கி தயார்' என்று எழுதியிருந்தாள், கஃபாருடைய வரிக்கு நேர் மேலே. கூசிக் குறுகிப்போனாள்.

நல்லவேளை, அழுதுகொண்டிருக்க நேரமில்லை. வரைபடம் வண்ணத்தில் ஸ்கேன் செய்து ஆறு எம்பிக்கு வீங்கிக் கிடந்தது. அதை அலுவலக இயந்திரத்தில் கறுப்பு வெள்ளையில், கொஞ்சம் தெளிவு குறைத்து மறுபடி எடுத்தாள். கோடும் எண்ணும் தெளிவாகவே இருந்தன, கனம் ஒரு எம்பியில் பாதிகூட இல்லை. கடிதம் எட்டு வரி. சமையல் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

டன்லப் ஸ்திரீட்டில் கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம்! அதுகூடத் தோன்றவில்லை அவளுக்கு. வாசலில் அடுக்கியிருந்த காலி அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றாள். சிவகாமசுந்தரி அம்மாளின் வெள்ளிக்கிழமைத் தாமரை கைப்பேசியில் வந்து சேர்ந்தது. வெட்டுக் குழுவின் முதல் கூட்டம் நாளை காலை என்று தலைவர் ஃபார்வர்டு செய்திருந்தார். நாளை காலை!

கஃபார் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்தார். அவளைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

"வாம்மா. என்ன இந்தப் பக்கம்?"

"அண்ணே, பொங்கலுக்கு நீங்க சமைக்கணும்."

அவர் பூட்டைத் திறந்தார். விளக்கைப் போட்டார். அவளுக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். தானும் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"மூணு தடவை கேட்டேன்."

"தெரியும் அண்ணே. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

"எனக்கு முதல்ல வருத்தமில்லை. பிஸியா இருப்பாங்கன்னு விட்டேன். ரெண்டாவது தடவையும் யாரும் ஒன்னும் சொல்லலையா, அப்பத்தான் வீட்டுக்காரி சொன்னா. பொங்கலாச்சே, நம்ம கை பட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும், மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாம இருக்காங்கன்னு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அண்ணே! யாரும் வேணாம்னு சொல்லலையே."

"வேணும்னும் சொல்லலையேம்மா."

இருபத்துநான்கு எம்பி கையில் இருந்தும் அதில் 'வேணும்' என்ற ஒரு சொல் இல்லை. வேறு வழி தெரியாமல் தலைவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அங்கிள், சமையல் யாருன்னு எழுதணும். யார் பேரைப் போட?"

"இது என்னம்மா கேள்வி?" தலைவரின் குரல் கடை முழுக்க அதிர்ந்தது. "நம்ம கஃபார் பாய் சமைக்காம வேற யாரு சமைப்பா? அதுக்குத்தானே அவரைக் குழுவுல சேர்த்ததே! அவரு கைப் பொங்கல் சாப்பிடணும்னு என் வீட்டுக்காரி போன வருஷத்துல இருந்து வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

"அவர் மூணு தடவை கேட்டிருக்கார் அங்கிள். யாரும் பதில் போடலை."

"அதுக்கு எதுக்கும்மா பதிலு? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?"

"அவருக்குத் தெரியாதே அங்கிள்."

மறுமுனையில் அந்தக் குரல் சட்டென்று இறங்கியது. சுப்பிரமணியத்தை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். "இழையில பார்க்கலைம்மா நான்... அவ்வளவு நீளமா இருக்கே," என்று முனகினார். யார் நீளமாக்கினது என்று கேட்க மோகனப்பிரியாவின் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

கஃபார் தலையைக் குனிந்து மேசையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவர் பெரிதாக முயலவுமில்லை. "உரிம எண் எழுதிக்கோ," என்றார்.

எழுதிக்கொண்டாள். "அண்ணே, உங்க மெயில்ல இருந்து அந்த ஆபீஸுக்கு ஒரு வரி ஒப்புதல் அனுப்பணும். அஞ்சு மணிக்குள்ள."

அவர் கைப்பேசியை எடுத்து விரலால் தட்டித் தட்டி எழுதினார். அனுப்பினார். போகவில்லை. மறுபடி அனுப்பினார். சிவப்பில் ஒரு அறிவிப்பு: சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, அனுப்பவோ பெறவோ இயலாது.

"எதுல நிரம்பிச்சு?" என்றாள்.

"வேற எதுல? உங்க பொங்கல்தான்."

வாங்கிப் பார்த்தாள். பேரன் பிறந்த படம், கடை அடுப்பு வாங்கிய ரசீது, எல்லாவற்றுக்கும் மேலே மலைமாதிரி 'பொங்கல் தொடர்பாக'. எட்டு மாதமாக அதே வரைபடம், அதே சால்வை, அதே தாமரை, ஒவ்வொரு ஃபார்வர்டிலும் மறுபடி மறுபடி முழுக் கனத்தோடு. பதில் மட்டும் கொடுக்காத குழு, மற்ற எல்லாவற்றையும் அந்த மனிதருக்குக் கொடுத்திருந்தது.

சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ! முதலில் சிரித்தது கஃபார். அப்புறம் அவளும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுப்படியிலிருந்து உதவியாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"வெட்டிடலாமா அண்ணே?"

"வெட்டும்மா! யாரைக் கேக்கணும்?"

தேடலில் பத்து எம்பிக்கு மேற்பட்டவை என்று கேட்டாள். திரை முழுக்க ஒரே தலைப்பு வரிசைகட்டி நின்றது. மொத்தமாகத் தேர்ந்து குப்பைக்குத் தள்ளினாள். "குப்பையில கிடந்தாலும் இடம் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே குப்பையையும் காலி செய்தாள். தலைவர் போனார், மூக்கோடும் இரண்டு சால்வையோடும். ரமணன் போனார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தாமரைகள் கூட்டங்கூட்டமாகப் போயின. சிவகாமசுந்தரி அம்மாள் மன்னிப்பாராக.

பத்து எம்பிக்குக் கீழே சிறியவை சில மிஞ்சியிருந்தன. அவற்றில் மார்ச் மாதத்தில் அவரே அனுப்பியது ஒன்று.

"அதையும் தூக்கிடும்மா," என்றார் கஃபார். "இனிமே எதுக்கு?"

அவள் விரல் நின்றது. "இதுக்கு இன்னும் பதில் போடலையே அண்ணே."

தன் கைப்பேசியை எடுத்தாள். இழையில் அதே மின்னஞ்சலைத் தேடித் திறந்து, குழுவின் சட்டத்தை மீறி, ரிப்ளை அழுத்தினாள். கீழே வந்து விழுந்த வணக்கவுரை, நன்று, மிக நன்று எல்லாவற்றையும் அழித்தாள். அவருடைய வரியை மட்டும் விட்டுவைத்தாள். அதன் கீழே எழுதினாள். குழு மொத்தத்துக்கும் நகல் போட்டு அனுப்பினாள்.

இடம் காலியான கைப்பேசி கஃபாரின் கையில் ஒருமுறை அதிர்ந்தது. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திறந்தார்.

*> சமையல் யாரு? நான் செய்யட்டுமா?*

*ஆமாம் அண்ணே. நீங்கதான் செய்யணும். தாமதமாச் சொல்றதுக்கு மன்னிச்சிருங்க.*

அவர் வழக்கப்படி விரலால் கீழே உருட்டப் பார்த்தார். உருளவில்லை.

"இதுக்குக் கீழே ஒன்னும் இல்லையா?"

"இல்ல அண்ணே. அவ்வளவுதான்."

மறுபடியும் மேலிருந்து படித்தார். இரண்டே வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பிறகு ஒப்புதலை அனுப்பினார், இம்முறை போனது. அவளும் காலியிடத்தை நிரப்பித் தன் எட்டு வரியை அனுப்பினாள். ஐந்து மணிக்கு முன்பே வட்டார அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: ஆவணங்கள் சரி; திடல் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவள் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். இன்றைக்கு லிஃப்டில் எட்டாவது மாடிவரை போவேன் என்று நினைத்தாள். மூன்றாம் மாடி மாமி இல்லாவிட்டால் காத்திருந்தாவது சேர்ந்து போவேன்.

கையிலிருந்த கைப்பேசிகள் இரண்டும் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கின. தலைவரின் வாழ்த்து, தீர்மானத்தின் படத்தோடு. ரமணனின் 'நோட்டட்'. அதையடுத்து ஒரு பெரிய தாமரை.

கஃபார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பெரிய கரண்டியை எடுத்து எடை பார்ப்பதுபோல் கையில் ஆட்டினார்.

"எத்தனை பேருக்கு அரிசி போடணும்?" என்று கேட்டார்.